வரம்பு வேறு, கொடுப்பனவு வேறு: புதிதாகக் களத்துக்கு வருபவர்களுக்குப் பயணச் செலவுக் கணக்கு

சென்ற மாதம் எங்கள் விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, முல்லைத்தீவுக்கு இரண்டு நாள் போய் வந்த தன் முதற்பயணத்தின் செலவுக் கோரிக்கைப் படிவத்தை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். மொத்தம் 18,630 ரூபா என்று கூட்டியிருந்தார். நான் சரிபார்த்து முடித்தபோது அது 14,230 ரூபாவாகக் குறைந்திருந்தது. 4,400 ரூபா வெட்டுப்பட்டதைக் கண்டதும் அவருடைய முகம் வாடிப்போயிற்று. தன்னைப் பொய்க்கணக்கு எழுதியவனாக அலுவலகம் எண்ணிவிட்டதோ என்ற பயம் அந்த முகத்தில் தெரிந்தது. உண்மையில் அவர் எதையும் மறைக்கவில்லை. செலவழித்த எல்லாவற்றுக்கும் துண்டுகளை ஒழுங்காக இணைத்திருந்தார். படிவத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று வகைப் பணத்தையும் ஒரே வகை என்று எண்ணியதுதான் அவருக்கு நேர்ந்த பிழை.

கணக்குப் பிரிவுக்கு வருவதற்கு முன்னர் நானும் சில ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சி, மன்னார் வழியாகச் சுற்றிய விற்பனைப் பிரதிநிதிதான். அந்தக் காலத்தில் கொள்கைப் பத்திரத்தின் பிரதி ஒன்றைத் தந்து கையொப்பம் வாங்கினார்களே தவிர, அதை எப்படி வாசிப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அன்று எனக்குச் சொல்லப்படாததைத்தான், இந்தத் தம்பியின் படிவத்தை முன்வைத்து இங்கே எழுதுகிறேன். இதில் வரும் தொகைகள் நான் வேலை செய்யும் இடத்துக்குரியவை. உங்கள் நிறுவனத்தில் தொகைகள் மாறலாம். ஆனால், அந்தத் தொகைகள் எந்த வகையைச் சேர்ந்தவை என்ற பாகுபாடு பெரும்பாலும் எல்லா இடத்திலும் இதுவாகத்தான் இருக்கும்.

முதல் வகை, நாளாந்தக் கொடுப்பனவு. இது ஒரு நிலையான தொகை. இரவு வெளியூரில் தங்கும் நாளுக்கு எங்களிடம் 2,400 ரூபா. அதற்குள் காலைச் சாப்பாட்டுக்கு 500, மதியத்துக்கு 800, இரவுக்கு 700, தேநீர், தண்ணீர்ப் போத்தல், தொலைபேசி போன்ற சில்லறைச் செலவுக்கு 400 என்று பிரிவு உண்டு. இதற்குப் பற்றுச்சீட்டு வேண்டியதில்லை. வீட்டிலிருந்து இடியப்பம் கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டாலும் அந்த 500 ரூபா உங்களுடையது. கடையில் 900 ரூபாவுக்குச் சாப்பிட்டாலும் மேலதிக 400 ரூபாவை நிறுவனம் தராது. மிச்சமும் நட்டமும் உங்களோடு போகும்.

இரண்டாவது வகை, உச்ச வரம்புக்கு உட்பட்ட மெய்ச்செலவு. தங்குமிடம் இந்த வகையைச் சேர்ந்தது. எங்கள் கொள்கையில் இதற்கு ஓர் இரவுக்கு 4,500 ரூபா என்று எழுதியிருக்கிறது. அந்த எண், கொடுக்கப்படும் தொகையன்று. அதற்கு மேல் கொடுக்கப்படாது என்பதற்கான எல்லை. நீங்கள் உண்மையில் செலுத்திய தொகையே உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பற்றுச்சீட்டு கட்டாயம்.

மூன்றாவது வகை, வீதப்படி கணிக்கப்படும் தொகை. சொந்த மோட்டார் சைக்கிளில் ஓடிய ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 22 ரூபா. இதற்குச் சான்று கடைக்காரர் தரும் துண்டு அன்று. மீற்றர் வாசிப்பும், அன்று போன கடைகளின் பட்டியலுமே சான்று.

படிவத்தில் இந்த மூன்றும் ஒரே அளவான கட்டங்களில், ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருக்கின்றன. என்னைக் கேட்டால், பாதிப் பிழைகளுக்கு அந்த அச்சமைப்பே காரணம் என்பேன். கட்டம் ஒன்றாக இருப்பதால் நிரப்பும் முறையும் ஒன்றென்று புதியவர் நினைப்பது இயல்பு.

இனி அந்தத் தம்பியின் பயணத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை 6 மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டிருக்கிறார். கிளிநொச்சியில் கடைகளைப் பார்த்துவிட்டுப் பரந்தன் சந்திக்குத் திரும்பி, அங்கிருந்து முல்லைத்தீவு வீதியால் புதுக்குடியிருப்புக்குப் போய், மாலையில் முல்லைத்தீவில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறார். மறுநாள் ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக ஏ9 வீதிக்கு ஏறி, இரவு 7.30 மணிக்கு வீடு வந்து சேர்ந்திருக்கிறார். பயணத்துக்கு முன்னர் 12,000 ரூபா முற்பணம் பெற்றிருந்தார்.

தங்குமிடக் கட்டத்தில் அவர் 4,500 ரூபா என்று எழுதி, 3,800 ரூபாவுக்கான விடுதிச் சீட்டை இணைத்திருந்தார். நான் 3,800 என்று திருத்தியபோது, "அண்ணை, ஓர் இரவுக்கு நாலாயிரத்து ஐந்நூறு எண்டுதானே கொள்கையிலை போட்டிருக்கு? நான் மலிவான இடம் தேடிப் பிடிச்சதுக்கு மிச்சம் எனக்குத்தானே வரவேணும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. நாளாந்தக் கொடுப்பனவில் அப்படித்தானே நடக்கிறது என்ற எண்ணத்திலிருந்துதான் அந்தக் கேள்வி பிறக்கிறது. ஆனால், தங்குமிடத்துக்கும் மிச்சம் உங்களுக்கு என்று வைத்தால், களத்தில் இருப்பவர்கள் பூட்டில்லாத கதவும் தண்ணீர் வராத குழாயும் உள்ள அறைகளைத் தேடிப் போவார்கள். நண்பர் வீட்டுத் திண்ணையில் படுத்துவிட்டுச் சீட்டு மட்டும் வாங்கி வருவார்கள். சாப்பாட்டைப் போல உறக்கத்தையும் சேமிப்பாக்கும் ஆசையை யாருக்கும் காட்டக்கூடாது என்பதாலேயே அது மெய்ச்செலவாக வைக்கப்பட்டிருக்கிறது. 700 ரூபா அவருடைய கோரிக்கையிலிருந்து அவ்வாறு குறைந்தது.

இதே வரம்பில் எதிர்ப்பக்கமாக வரும் சிக்கல் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வவுனியா, மன்னார் போன்ற நகரங்களில் சற்றுப் பெரிய விடுதிகள் அறை வாடகையைச் சொல்லும்போது சேவைக் கட்டணத்தையும் பெறுமதி சேர் வரியையும் சேர்க்காமல் சொல்வதுண்டு. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1ஆம் திகதி முதல் 18 சதவீதமாக இருக்கிறது. சேவைக் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம். ஆகவே 4,000 ரூபா என்று சொல்லப்பட்ட அறை, காலையில் சீட்டு வரும்போது 5,000 ரூபாவைத் தாண்டிவிடும். வரம்பு, சீட்டின் கடைசி வரியில் உள்ள தொகைக்கே பொருந்துமாதலால், 4,500 ரூபாவுக்கு மேற்பட்ட பங்கு உங்கள் சட்டைப்பையிலிருந்து போகும். அறையைத் தொலைபேசியில் ஒழுங்கு செய்யும்போது, "எல்லாம் சேர்த்துக் கடைசியாக எவ்வளவு கட்டவேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள். திருவிழாக் காலம் போன்ற வேளைகளில் வரம்புக்குள் அறையே கிடைக்காமற் போனால், தங்குவதற்கு முன்னர் உங்கள் பிராந்திய முகாமையாளருக்கு வட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுமதி பெற்று, அந்த உரையாடலை அச்சிட்டுப் படிவத்தோடு இணையுங்கள். முன்னர் பெற்ற ஒரு வரி அனுமதியை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். திரும்பி வந்தபின் எழுதிய ஒரு பக்கக் காரணத்தை ஏற்பது எங்கள் கையில் இல்லை.

நாளாந்தக் கொடுப்பனவுக் கட்டத்தில் அவர் இரண்டு நாளுக்கும் முழுத்தொகையாக 4,800 ரூபா எழுதியிருந்தார். முதல் நாளில் பிழையில்லை. காலை 6.30 மணிக்கு முன்னர் புறப்பட்டால் காலைச் சாப்பாடு சேரும் என்பது எங்கள் விதி. அவர் 6 மணிக்குப் புறப்பட்டார், இரவும் வெளியில் தங்கினார், ஆகவே முழு 2,400 ரூபாவும் உரியது. இரண்டாம் நாள் அப்படியன்று. விடுதிச் சீட்டிலேயே "காலை உணவுடன்" என்று எழுதியிருந்தது. அந்த உணவுக்கான பணத்தை நிறுவனம் தங்குமிடச் செலவாக ஏற்கெனவே கொடுத்துவிட்டதனால், 500 ரூபாவை மறுபடியும் கொடுக்க முடியாது. இரவுச் சாப்பாடு, வீடு திரும்பும் நேரம் 8 மணியைத் தாண்டினால் மட்டுமே சேரும், அவர் 7.30 மணிக்கு வந்துவிட்டார், ஆகவே 700 ரூபாவும் இல்லை. எஞ்சியது மதியத்துக்கு 800, சில்லறைக்கு 400, ஆக 1,200 ரூபா. இரண்டு நாளுக்கும் சேர்த்து 3,600.

அரை மணித்தியாலத்துக்காக 700 ரூபா போனது அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. எல்லை என்று ஒன்றை வைத்தால் அதன் ஓரத்தில் நிற்பவருக்கு அது வலிக்கும் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால், புறப்பட்ட நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் நினைவிலிருந்து எழுதாமல், அன்றன்றே குறித்து வைத்திருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 8 மணி என்று எழுதியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அவர் 7.30 என்றே எழுதியிருந்தார்.

முகாமையாளரோடு சேர்ந்து போகும் நாட்களில் இன்னொரு சிக்கல் வரும். மதியச் சாப்பாட்டுக்கு அவர் பணம் கட்டி, அதை உபசரிப்புச் செலவாகத் தன் கோரிக்கையில் எழுதிவிட்டால், அன்றைய 800 ரூபாவை நீங்கள் எழுதக்கூடாது. இரண்டு படிவங்களும் ஒரே மேசைக்குத்தான் வருகின்றன. கடை முதலாளி அன்பாகச் சோறு போட்டால், அது நிறுவனத்தின் பணம் அன்றாகையால் எங்களிடம் கழிவில்லை. சில நிறுவனங்களில் உண்டு, கேட்டறிந்து கொள்ளுங்கள். குடாநாட்டுக்குள்ளேயே பருத்தித்துறை, சுன்னாகம், சாவகச்சேரி என்று சுற்றும் நாட்களுக்கு மதியச் சாப்பாட்டுத் தொகை மட்டும் உண்டு, அவ்வளவுதான்.

இனி மோட்டார் சைக்கிள். திங்கள் காலை மீற்றர் 18,240. செவ்வாய் இரவு 18,530. ஓடியது 290 கிலோமீற்றர். 22 ரூபா வீதம் 6,380 ரூபா. இந்தக் கணக்கு அப்படியே சரியாக இருந்தது. அதன் கீழேயே, எரிபொருள் என்று 1,900 ரூபாவும், புதுக்குடியிருப்பில் பின்சில்லுக்கு ஒட்டுப் போட்டதற்கு 600 ரூபாவும் எழுதியிருந்தார். இரண்டுக்கும் சீட்டு இருந்தது. இருந்தும் இரண்டையும் நான் வெட்டினேன்.

புதியவர்களுக்கு மிகவும் அநியாயமாகத் தோன்றும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கிலோமீற்றருக்கு 22 ரூபா என்பது பெற்றோலுக்கு மட்டும் கணிக்கப்பட்ட தொகையன்று. ஒரு லீற்றரில் 45 கிலோமீற்றர் ஓடும் சைக்கிளுக்கு 290 கிலோமீற்றருக்கு ஆறரை லீற்றர் போதும். அவருடைய சீட்டும் அதைத்தான் காட்டியது. 6,380 ரூபாவில் பெற்றோலுக்குப் போன 1,900 ரூபாவைக் கழித்தால் ஏறக்குறைய 4,500 ரூபா மிஞ்சுகிறது. அந்த மிச்சம் என்ஜின் எண்ணெய் மாற்றுவதற்கும், ரயர் தேய்வதற்கும், சங்கிலிப் பட்டிக்கும், காப்புறுதிக்கும், வண்டியின் பெறுமதி ஆண்டுதோறும் இறங்குவதற்கும், முட்கம்பி ஏறிக் காற்றுப் போவதற்கும் சேர்த்துத்தான். அந்த 600 ரூபாவும் அதற்குள் அடங்கிவிட்டது. ஆகவே அந்த மிச்சத்தைச் சம்பளத்தோடு சேர்த்துச் செலவழித்துவிடாமல் வேறாக எடுத்து வையுங்கள். நான் களத்தில் இருந்த காலத்தில் அப்படிச் செய்யாமல், ஒன்றரை ஆண்டு கழித்து இரண்டு ரயரையும் ஒருமிக்க மாற்றவேண்டி வந்தபோது நகையை அடகு வைத்தேன்.

நிறுவனத்தின் வாகனத்தில் போகும்போது கணக்கு நேர்மாறாகும். அங்கே கிலோமீற்றர் வீதம் கிடையாது. எரிபொருள் சீட்டும் ஒட்டுப் போட்ட சீட்டும் தான் கோரிக்கை. சீட்டில் வாகன இலக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். நிரப்பிய வேளையில் மீற்றர் காட்டிய எண்ணையும் அதிலேயே பேனையால் குறித்துவிடுங்கள்.

வீதத்தைப் பற்றி இன்னும் ஒன்று. அது பயணம் செய்த நாளில் நடைமுறையிலிருந்த வீதம். படிவம் கொடுக்கும் நாளின் வீதம் அன்று. சாதாரண காலத்தில் இந்த வேறுபாடு யாருக்கும் தெரியாது. 2022இல் அது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த ஆண்டு தொடங்கும்போது ஒக்ரேன் 92 பெற்றோல் லீற்றர் 177 ரூபாவாக இருந்தது. ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. வீதம் இடையிடையே திருத்தப்பட்ட அத்தகைய காலத்தில், மூன்று மாதப் பயணங்களை ஒரே படிவத்தில் சேர்த்துக் கொடுத்தால் எந்த நாளுக்கு எந்த வீதம் என்று பிரிப்பதே பெரும்பாடாகிவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் வேறு படிவம், அதில் மீற்றர் வாசிப்போடு திகதியும் என்று நாங்கள் வற்புறுத்துவது அதனாலேயே. வீதங்களும் வரம்புகளும் விலைவாசிக்குப் பின்னால்தான் எப்போதும் நடக்கின்றன என்பது உண்மை. களத்தில் இருப்பவர்கள் மெய்ச்செலவை மெய்யாகவே எழுதினால்தான், வரம்பு போதவில்லை என்பதை மேலிடத்துக்குக் காட்ட எங்களிடம் சான்று இருக்கும். ஐந்து பேரின் விடுதிச் சீட்டுகள் தொடர்ந்து 5,000 ரூபாவைக் காட்ட, அவர்கள் 4,500 மட்டும் பெற்றிருந்தால், அந்த ஐந்து சீட்டுகளையும் மேசையில் வைத்து நான் பேச முடியும். வரம்புக்குள் அடங்கும்படி சீட்டை 4,500 என்று எழுதுவித்துக்கொண்டு வந்தால், வரம்பு போதுமானது என்றே பதிவு சொல்லும்.

படிவத்தின் கடைசி வரி, மாதிரிப் பொருட்கள் அடங்கிய பெட்டியொன்றை முல்லைத்தீவிலிருந்து தனியார் பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குப் போட்டுவிட்டதற்கு 450 ரூபா. இதற்குச் சீட்டில்லை. நடத்துநர் பணத்தை வாங்கிக்கொண்டு பெட்டியைப் பின்னால் ஏற்றுவார், துண்டு தரமாட்டார். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் பெட்டி ஏற்றினாலும், சந்தை வாசலில் தள்ளுவண்டிக்காரருக்குக் கொடுத்தாலும் இதே நிலைமைதான். சீட்டுக் கிடைக்காத இடங்கள் களத்தில் இருக்கின்றன என்பதை எந்த நல்ல கொள்கையும் அறிந்திருக்கும். எங்களிடம் ஒரு விடயத்துக்கு 500 ரூபா வரையும் பிரகடனக் கடிதத்தில் ஏற்றுக்கொள்கிறோம். அந்தத் தம்பி அதை முறையாகச் செய்திருந்தார். அன்று மாலையே எழுதிய அரைப்பக்கத்தில் திகதி, நேரம், பஸ் இலக்கம், பெட்டியில் இருந்தவை, யாழ்ப்பாணத்தில் யார் பெற்றுக்கொண்டார் என்பன எல்லாம் இருந்தன. களஞ்சியத்தில் பெட்டியைப் பெற்றவரை ஒரு தடவை கேட்டேன். 450 ரூபா முழுமையாகச் சேர்ந்தது. இதே பிரகடனத்தை மாத முடிவில் உட்கார்ந்து, "பலதடவை பொதி அனுப்பியது, 450 ரூபாப்படி" என்று எழுதினால் அதை உறுதிப்படுத்த எனக்கு வழியே இல்லை. சீட்டுக் கேட்டால் தரக்கூடிய கடையில் கேட்காமல் வந்துவிட்டுப் பிரகடனம் எழுதுவதும் செல்லாது.

இனிச் சீட்டுகளின் தன்மைக்கு வருகிறேன். அவருடைய விடுதிச் சீட்டு முதலில் ஒரு குறையோடுதான் வந்தது. கடையில் விற்கும் சாதாரணப் பற்றுச்சீட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள் அது. விடுதியின் பெயர் முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தது, ஆனால் மை பாதிதான் பிடித்திருந்தது. தொகை இருந்தது, திகதி இருந்தது; யாருக்காக, எந்த இரவுக்கு என்பது இல்லை. இப்படியான தாளை யார் வேண்டுமானாலும் யாரிடமும் கொடுக்கலாம். விடுதிச் சீட்டில் விடுதியின் பெயரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் வாசிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். சீட்டிலக்கம், நிறுவனத்தின் பெயரோடு உங்கள் பெயர், தங்கிய இரவின் திகதி, தொகை எண்ணிலும் எழுத்திலும், பெற்றவரின் கையொப்பம் ஆகியன இருக்க வேண்டும். அவர் விடுதியைத் தொலைபேசியில் அழைத்து, அவர்கள் தங்கள் பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியதால் இந்தத் தடவை ஏற்றுக்கொண்டோம். காலையில் புறப்படும் அவசரத்தில், சீட்டை மடித்துப் பையில் வைப்பதற்கு முன்னர் அரை நிமிடம் நின்று வாசித்தால் இந்த அலைச்சல் வராது. பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்த விடுதியாயின், சாதாரணச் சீட்டோடு நின்றுவிடாமல் வரிப்பட்டியல் கேளுங்கள். அதில் எங்கள் நிறுவனத்தின் பெயரும் வரி செலுத்துநர் அடையாள இலக்கமும் இடம்பெற வேண்டும். அந்த இலக்கம் அச்சிட்ட சிறிய அட்டையை உங்களுக்கு வேலைக்குச் சேரும்போதே தருகிறோம்.

கையால் எழுதிய சீட்டுகளை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஒருவர் ஒரே விடுதியில் மாதத் தொடக்கத்தில் ஒரு தடவையும் நடுப்பகுதியில் ஒரு தடவையும் தங்கியதாகச் சீட்டுக் கொடுக்கிறார். முதற்சீட்டின் இலக்கம் 147, இரண்டாவதன் இலக்கம் 148. இடைப்பட்ட இரண்டு வாரத்தில் அந்த விடுதிக்கு வேறு ஒருவருமே வரவில்லையா என்ற கேள்வி தானாகவே எழும். தொகையை எழுதிய பேனையின் மையும் பெயரை எழுதிய மையும் வேறாக இருப்பது, 3 என்ற எண்ணின் மேல் அழுத்தி 8 ஆக்கியது, கார்பன் பிரதியாக இருக்கவேண்டிய தாளில் ஒரு வரி மட்டும் நேரடி மையில் இருப்பது ஆகியவற்றை விரல் நுனியே கண்டுகொள்ளும். எழுத்துத் தவறு உண்மையாகவே நேர்ந்தால், அதைத் திருத்த வேண்டியவர் சீட்டைத் தந்தவர். அவர் பிழையை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, தன் கையொப்பத்தை இட வேண்டும். நீங்கள் அதில் கைவைக்கக் கூடாது.

அச்சு இயந்திரத்திலிருந்து வரும் வழுவழுப்பான சீட்டுகளுக்கு வேறொரு ஆபத்து உண்டு. அதில் நானே நட்டப்பட்டிருக்கிறேன். ஒரு சித்திரை மாதத்தில், மன்னார்ப் பக்கம் ஐந்து நாள் சுற்றியபோது, எல்லாச் சீட்டுகளையும் சைக்கிள் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தபோது அவை முழுவதும் கறுத்துப்போய், ஓர் எழுத்தும் தெரியாமல் இருந்தன. அந்தத் தாளில் மையே கிடையாது. வெப்பம் பட்டால் நிறம் மாறும் பூச்சு அதில் இருக்கிறது. இயந்திரம் சூட்டினால்தான் எழுதுகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் ஏறும் சூடு தாள் முழுவதையும் எழுதி முடித்துவிட்டது. இதற்கு எதிரான கேடும் உண்டு: பிளாஸ்ரிக் உறைக்குள் நாட்கணக்கில் வைத்தாலும், மேலே ஒட்டுநாடா ஒட்டினாலும், எண்ணெய்க் கை பட்டாலும் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும். ஆகவே அன்றிரவே சீட்டைத் தட்டையாக வைத்துப் படமெடுங்கள். நான்கு மூலையும் தெரிய வேண்டும். தாளைச் சாதாரணக் கடித உறையில் இட்டுத் துணிப்பைக்குள் வையுங்கள். அலுவலகத்துக்கு வந்ததும் ஒளிப்படப் பிரதி எடுத்து, மூலத்தையும் பிரதியையும் சேர்த்தே இணையுங்கள். படம் மட்டும் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஒரே சீட்டின் படத்தை இரண்டு பயணத்துக்கும் இணைக்க முடியும் என்பதால் மூலத்தாள் வேண்டும். மூலம் மங்கிவிட்டால் அதைக் காப்பாற்றுவது படம்.

கூட்டிப் பார்த்தால் நாளாந்தக் கொடுப்பனவு 3,600, தங்குமிடம் 3,800, மோட்டார் சைக்கிள் 6,380, பொதி 450, மொத்தம் 14,230 ரூபா. முற்பணம் 12,000 ரூபாவைக் கழித்தால் அவருக்கு வரவேண்டியது 2,230 ரூபா. அவர் 6,630 ரூபாவை எதிர்பார்த்து அந்த வாரச் செலவுகளைத் திட்டமிட்டிருந்தார். முற்பணம் நிறுவனத்தின் காசு. கணக்குக் கொடுக்கும்வரை அது உங்கள் பெயரில் உள்ள கடன். திரும்பி வந்து ஐந்து வேலைநாளுக்குள் படிவம் வராவிட்டால் அடுத்த பயணத்துக்கு முற்பணம் கிடையாது. அடுத்த மாதம் 5ஆம் திகதி தாண்டினால் கணக்கு மாதம் மூடப்பட்டுவிடும், அதன்பின் பணிப்பாளரின் கையொப்பம் இல்லாமல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. செலவு முற்பணத்திலும் குறைவாக வந்தால் மிச்சத்தைக் காசாளரிடம் கட்டி, அதற்கு அவரிடமிருந்து நீங்கள் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்காய்வாளர் கேட்கும்போது அந்தத் துண்டு உங்களிடம் இருக்க வேண்டும்.

வெட்டப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்த விதியின்படி வெட்டப்பட்டது என்று எழுதிக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அந்தத் தம்பியின் படிவத்தில் நான்கு இடத்தில் அப்படி எழுதிக் கொடுத்தேன். அவர் மூன்றை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார். ஒட்டுப் போட்ட 600 ரூபாவைப் பற்றி மட்டும், புதுக்குடியிருப்பில் அன்று வீதி திருத்த வேலை நடந்த இடத்தில் கல் குத்தித்தான் காற்றுப் போனது, அதைத் தேய்மானம் என்று எப்படிச் சொல்வது என்று எழுதி, முகாமையாளருக்கு அனுப்பினார். அது இன்னும் அவருடைய மேசையில் இருக்கிறது. விதிப்படி கிடைக்காது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அவருடைய குறிப்பைச் சேர்த்து இணைத்து, வீதம் மீளாய்வு செய்யப்படும்போது வாசிக்கும்படி நானும் ஒரு வரி எழுதியிருக்கிறேன்.